பத்திரச் செலவும் வீட்டின் விலைதான்

ஃப்ளாட்டை விற்றுவிட்டு வருமான வரிக் கணக்குக் கொடுக்க வருபவரிடம் ஆடிட்டர் முதலில் கேட்பது, "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்றுதான். "நாற்பத்திரண்டு லட்சம்" என்று பதில் உடனே வரும். எத்தனை வருடம் ஆனாலும் அந்த எண் மறக்காது. "பத்திரச் செலவு எவ்வளவு ஆச்சு?" என்றால் கொஞ்சம் யோசிப்பார். "மூணு, மூணரை ஆகியிருக்கும் சார்." "புரோக்கருக்கு?" "ஏதோ கொடுத்தோம்."

அந்த ‘ஏதோ’வும் ‘மூணு மூணரை’யும் கணக்கில் ஏறாமல் போனால், லாபமே இல்லாத தொகைக்கு வரி கட்ட வேண்டியதாகிவிடும். வீட்டை விற்றுக் கிடைக்கும் மூலதன ஆதாயம் என்பது விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விற்ற தொகையிலிருந்து, அந்தச் சொத்தை அடைய ஆன செலவையும், அதை மேம்படுத்த ஆன செலவையும், விற்பதற்கென்றே செய்த செலவையும் கழிக்கச் சொல்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு இது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய சட்டத்திலும் கணக்கின் அடிப்படை மாறவில்லை.

சொத்தை அடைய ஆன செலவு என்றால் விற்றவர் கையில் கொடுத்த பணம் மட்டும் இல்லை. முத்திரைத் தீர்வை கட்டாமல், பதிவு செய்யாமல் ஒரு ஃப்ளாட் நம் பெயருக்கு வராது. ஆகவே அந்த இரண்டும் வீட்டின் அடக்க விலைக்குள் வருகின்றன. வீட்டைக் காட்டி, பேரம் பேசி முடித்துக்கொடுத்த தரகருக்குக் கொடுத்த கமிஷன், மூலப் பத்திரங்களைப் பார்த்துக் கருத்து எழுதிக்கொடுத்த வக்கீலின் கட்டணம், பத்திர எழுத்தரின் கூலி ஆகியவையும் அப்படித்தான். சட்டத்தில் இவற்றின் பெயர்கள் வரிசையாக எழுதப்படவில்லை என்பதால் சிலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. இந்தச் செலவு இல்லாமல் இந்தச் சொத்து கைக்கு வந்திருக்குமா என்பதே கேள்வி.

தமிழ்நாட்டில் இது சின்னத் தொகையும் இல்லை. 2012 முதல் 2017 வரை மறுவிற்பனை ஃப்ளாட் வாங்கியவர்கள் முத்திரைத் தீர்வையாக 7 சதவீதமும் பதிவுக் கட்டணமாக 1 சதவீதமும் கட்டினார்கள். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தியது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய அளவுக்குத் திரும்பியது. பதிவுக் கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. இடைப்பட்ட அந்த ஆறு வருடங்களுக்குள் வாங்கியவர்கள் மொத்தம் 11 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள். அறுபது லட்சத்துக்குப் பத்திரம் போட்டிருந்தால் ஆறு லட்சத்து அறுபதாயிரம். அந்த ஆண்டுகளில் வாங்கி இப்போது விற்க நினைப்பவர்கள் பழைய கோப்பைத் தேடி எடுப்பது நல்லது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சென்னையில் ஒருவர் 2014 ஆகஸ்டில் மறுவிற்பனை ஃப்ளாட் ஒன்றை 42 லட்சத்துக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் முழு விலையையும் காட்டினார். முத்திரைத் தீர்வை 2,94,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 42,000. தரகருக்கு ஒரு சதவீதம், அது ஒரு 42,000. வக்கீலுக்கு 10,000, பத்திர எழுத்தருக்கு 6,000. விலைக்கு மேல் கையை விட்டுப் போனது 3,94,000 ரூபாய். ஆக அவருக்கு வீட்டின் அடக்கம் 45,94,000.

2025 ஜூனில் அதை 85 லட்சத்துக்கு விற்கிறார். விற்றுக்கொடுத்த தரகருக்கு மறுபடி ஒரு சதவீதம், 85,000 ரூபாய். அதைக் கழித்தால் மிஞ்சுவது 84,15,000.

இங்கே வரி விகிதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீடு நீண்டகாலச் சொத்து. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றால், பணவீக்கத்துக்கான சலுகை இல்லாமல் ஆதாயத்தில் 12.5 சதவீதம் வரி. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, நிலம் என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும் ஒரு பாதுகாப்பு தரப்பட்டிருக்கிறது. பழைய முறைப்படி, வாங்கிய செலவைப் பணவீக்கக் குறியீட்டு எண்ணால் பெருக்கி உயர்த்திக்கொண்டு, 20 சதவீத வரியைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால் போதும். வெளிநாட்டுவாழ் இந்தியருக்கு இந்தத் தேர்வு கிடையாது.

நம் ஆள் பத்திரச் செலவை மறந்து, வாங்கிய விலை 42 லட்சம் என்று மட்டும் போட்டால் என்ன ஆகும்? 12.5 சதவீத முறையில் ஆதாயம் 42,15,000, வரி 5,26,875. பழைய முறையில், 2014-15-க்கான குறியீட்டு எண் 240, 2025-26-க்கானது 376. நாற்பத்திரண்டு லட்சத்தை 376-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் 65,80,000 வருகிறது. ஆதாயம் 18,35,000, வரி 3,67,000. குறைவான இதையே அவர் கட்டுவார்.

இப்போது அடக்கத்தை 45,94,000 என்று வைத்து மறுபடி போடுவோம். 12.5 சதவீத முறையில் வரி 4,77,625-ஆக இறங்குகிறது. பழைய முறையில் உயர்த்தப்பட்ட செலவு ஏறத்தாழ 71,97,267. ஆதாயம் 12,17,733, வரி சுமார் 2,43,547. முன்பு வந்த 3,67,000-உடன் ஒப்பிட்டால் 1,23,453 ரூபாய் குறைகிறது. நான்கு சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் மிச்சம் 1,28,000-க்கு மேல்.

பத்திரச் செலவாகப் போனது 3,94,000. அதைச் சரியாகக் காட்டியதால் மட்டும் வரியில் மிச்சம் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. காரணம், பழைய முறையில் வாங்கிய விலை பணவீக்கத்தோடு வளர்வதைப் போலவே அன்று கட்டிய முத்திரைத் தீர்வையும் வளர்கிறது. 2024 ஜூலை 23-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வாங்கிய வீடுகளுக்கு இந்த வளர்ச்சி இல்லை. அவர்களுக்கு ஒவ்வொரு நூறு ரூபாய்ச் செலவும் பன்னிரண்டரை ரூபாய் வரியை மட்டும் குறைக்கும். அதுவும் விட்டுவிடக்கூடிய தொகை அல்ல.

கணக்கு இவ்வளவுதான். சிக்கல் இருப்பது ஆதாரத்தில். நீங்கள் வீட்டை விற்றது வருமான வரித் துறைக்குத் தானாகவே தெரிந்துவிடும். 30 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள பதிவுகளைச் சார் பதிவாளர் அலுவலகம் தெரிவித்துவிடுகிறது. விலை 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்டுகிறார். ஆனால் பதினொரு வருடத்துக்கு முன் நீங்கள் தரகருக்குக் கொடுத்தது எந்தக் கணினியிலும் இல்லை. வரவை அவர்கள் அறிவார்கள். செலவை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் ஆதாரம் கண்டுபிடிப்பது சுலபம். அது கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. பத்திரத்தின் முதல் பக்கங்களில் உள்ள முத்திரைத் தாள்களின் மதிப்பைக் கூட்டிப் பாருங்கள். மீதித் தீர்வையை டிமாண்ட் டிராஃப்டாகவோ ஆன்லைனிலோ கட்டியிருந்தால் பத்திரத்தின் பின்பக்கத்தில் சார் பதிவாளரின் சான்றுரை இருக்கும். பதிவுக் கட்டணத்துக்குத் தனி ரசீது கொடுத்திருப்பார்கள்; அது தொலைந்தாலும் பத்திரத்தில் குறிப்பு இருக்கும். அசல் பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா? சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றில் பத்திர எண்ணும் ஆண்டும் இருப்பதால் தேடுவது கடினம் இல்லை. ஆனால் வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அதில் விலையும் மதிப்பும் இருக்குமே தவிர, கட்டிய தீர்வையின் விவரம் இருக்காது.

இதோடு சேர்ந்த இன்னொரு செலவைப் பலர் அடியோடு மறந்துவிடுகிறார்கள். பத்திரத்தில் காட்டிய மதிப்பு குறைவு என்று பதிவு அலுவலகம் கருதினால், முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவின்படி ஆவணத்தை முத்திரைக்கான தனித்துணை ஆட்சியருக்கு அனுப்பிவிடும். அவர் மதிப்பை நிர்ணயித்த பிறகு, குறைந்த தீர்வையைக் கட்டச் சொல்லி ஓலை வரும். பதிவாகி ஒன்று, இரண்டு வருடம் கழித்து வாங்கியவர் அதைக் கட்டித்தான் பத்திரத்தைக் கையில் வாங்கியிருப்பார். அதுவும் முத்திரைத் தீர்வைதான், சற்றுத் தாமதமாகக் கட்டியது. அந்தச் சலானைத் தனியாக எடுத்து வையுங்கள்; பத்திரத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

வழிகாட்டி மதிப்பு, கொடுத்த விலையைவிட அதிகமாக இருந்தால்? அப்போது தீர்வை அந்த அதிக மதிப்பின் மீதுதான் கணக்கிடப்பட்டிருக்கும். வீட்டின் அடக்கத்தில் சேர்க்க வேண்டியது உண்மையில் கொடுத்த விலையும் உண்மையில் கட்டிய தீர்வையும். விலையின் மீது ஏழு சதவீதம் என்று நீங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. கட்டியது எவ்வளவோ அவ்வளவு. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பத்திரத்தில் 30 லட்சம் காட்டி, மீதி 12 லட்சத்தைப் பையில் வைத்துக் கொடுத்தவர்களுக்கு அடக்கம் 30 லட்சத்திலிருந்துதான் தொடங்கும். அன்று தீர்வையில் மிச்சம் பிடித்ததற்கு இன்று மூலதன ஆதாய வரியில் விலை கொடுக்கிறார்கள். பதிவு அன்று ‘காரியம் சீக்கிரம் நடக்க’ என்று கை மாறிய தொகைக்கும் கணக்கில் இடம் கிடையாது. அதற்கு ரசீது கேட்கும் துணிச்சல் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

மிகப் பெரிய தலைவலி தரகு. நம் ஊரில் தரகர் கமிஷன் பெரும்பாலும் பதிவு முடிந்த கையோடு, ரொக்கமாகத்தான் கொடுக்கப்படுகிறது. தரகர் பெயர் செல்போனில் ‘மடிப்பாக்கம் புரோக்கர்’ என்று சேமிக்கப்பட்டிருக்கும். பத்து வருடம் கழித்து அந்த எண்ணும் இருக்காது, ஆளும் எங்கே என்று தெரியாது. ரொக்கமாகக் கொடுத்ததாலேயே தரகை மூலதன ஆதாயக் கணக்கில் மறுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் கொடுத்தது உண்மைதானா, இந்த வீட்டுக்காகத்தானா என்று அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும்.

ஆகவே இன்று வாங்குபவர்கள் கமிஷனை வங்கி வழியாகவே கொடுங்கள். பணம் அனுப்பும்போது குறிப்பில் ஃப்ளாட்டின் பெயரையும் எண்ணையும் எழுதுங்கள். ஒரு ரசீதும் வாங்குங்கள்: தரகரின் பெயர், முகவரி, பான் எண், எந்தச் சொத்து, எந்தப் பத்திர எண், எவ்வளவு தொகை, எந்தத் தேதி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து. தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த முகவர் என்றால் பதிவு எண்ணோடு பில்லே கொடுப்பார். ரசீது கேட்டதும் "அப்ப ஜிஎஸ்டி சேர்த்துக் கொடுங்க" என்பார் சிலர். அவர் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கொடுத்தால் அந்த வரியும் உங்கள் அடக்கத்தில் சேரும். எண் இல்லாதவர் ஜிஎஸ்டி கேட்கவே முடியாது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ஒரே பரிவர்த்தனையில் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி குற்றம் என்பதையும், அதற்கான அபராதம் வாங்குகிறவர் மீது விழும் என்பதையும் மெதுவாக நினைவூட்டினால் பல தரகர்கள் வங்கிக் கணக்கு எண்ணைத் தந்துவிடுவார்கள்.

பழைய தரகுக்கு ரசீது இல்லாதவர்கள் என்ன செய்வது? அன்றைய வங்கிக் கணக்கில், பதிவுத் தேதியை ஒட்டி அந்தத் தொகை எடுத்ததற்கான பதிவு இருக்கலாம். தரகரோடு பேசிய மின்னஞ்சல், குறுஞ்செய்தி இருக்கலாம். அவர் இன்னும் தொழிலில் இருந்தால் அன்று வாங்கியதை உறுதி செய்து கடிதம் தரலாம். இவற்றில் எதுவுமே இல்லை என்றால், பத்து வருடம் முன் தேதியிட்டு இன்று ஒரு ரசீது தயாரிப்பதைவிட, அந்த 42,000-த்தை விட்டுவிடுவதே மேல். நம் கணக்கில் அதனால் கூடும் வரி சுமார் 13,000 ரூபாய். பொய்யான ஆவணத்துக்கு வரும் அபராதமோ, மற்ற செலவுகளின் மீதும் விழும் சந்தேகமோ அதைவிட மிகப் பெரிது.

வாங்கியபோது கொடுத்த தரகும் விற்றபோது கொடுத்த தரகும் படிவத்தில் ஒரே இடத்தில் போகாது. வருமான வரிப் படிவத்தின் மூலதன ஆதாயப் பகுதியில் வாங்கிய செலவுக்கு ஒரு கட்டம், மேம்பாட்டுச் செலவுக்கு ஒரு கட்டம், மாற்றத்துக்கென்றே செய்த செலவுக்கு ஒரு கட்டம் இருக்கின்றன. 2014-இன் 42,000 முதல் கட்டத்தில் சேர வேண்டும். 2025-இன் 85,000 கடைசிக் கட்டத்தில். மொத்தமாகக் ‘கமிஷன்’ என்று கூட்டிக் கடைசிக் கட்டத்தில் போட்டால், பழைய 42,000 குறியீட்டு எண்ணால் வளராமல் நின்றுவிடும். அதோடு, விற்பனைக்குத் தொடர்பில்லாத செலவை விற்பனைச் செலவாகக் காட்டியதாகவும் ஆகும்.

தமிழ்நாட்டில் பில்டரிடம் நேரடியாகப் புதிய ஃப்ளாட் வாங்கியவர்கள் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். இங்கே நெடுங்காலமாக ஒரு ஃப்ளாட்டுக்கு இரண்டு ஆவணங்கள். நிலத்தின் பிரிபடாத பங்குக்கு, எல்லோரும் யுடிஎஸ் என்று சொல்வதற்கு, ஒரு கிரயப் பத்திரம். கட்டடத்துக்குக் கட்டுமான ஒப்பந்தம். பத்து வருடம் கழித்து அலமாரியில் கையில் அகப்படுவது கிரயப் பத்திரம்தான். அதில் நிலப் பங்கின் விலை, சொல்லப்போனால் 15 லட்சம், மட்டுமே இருக்கும். அதை மட்டும் பார்த்து அடக்க விலை போட்டால் கட்டுமானத்துக்குக் கொடுத்த முப்பது லட்சமும் காணாமல் போய்விடும்! கிரயப் பத்திரத்தின் தீர்வையும் கட்டணமும், ஒப்பந்தத்தின் தீர்வையும் கட்டணமும், பில்டருக்குக் கட்டிய சேவை வரி அல்லது ஜிஎஸ்டி, கார் நிறுத்துமிடத்துக்குக் கொடுத்தது எல்லாம் சேர்ந்ததுதான் அடக்கம். இதற்குப் பத்திரங்களோடு பில்டரின் தவணை ரசீதுகளும் வேண்டும். 2023 டிசம்பர் முதல் புதிய ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பத்திரம் போடும் முறை வந்துவிட்டது. 50 லட்சம் வரையிலான ஃப்ளாட்டுக்கு தீர்வை 4 சதவீதம், மூன்று கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இனி வாங்குபவர்களுக்கு இந்தக் குழப்பம் குறையும்.

பில்டருக்குக் கொடுத்ததில் எல்லாமே சேராது. திரும்பக் கிடைக்கும் மின் இணைப்பு டெபாசிட்டும், குடியிருப்போர் சங்கத்துக்குப் போகும் பராமரிப்பு நிதியும் வீட்டின் விலை ஆகாது. சொத்து வரி, மாதப் பராமரிப்பு, வெள்ளையடித்தது எல்லாம் அனுபவித்த செலவு.

அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி: "முத்திரைத் தீர்வையை அந்த வருஷமே 80சி-யில் கழிச்சுட்டேனே, இப்ப மறுபடி சேர்க்கலாமா?" பழைய வரி முறையில் இருப்பவர்கள், வீடு வாங்கிய ஆண்டில் கட்டிய தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் ஒன்றரை லட்சம் என்ற உச்சவரம்புக்குள் 80சி-யில் கழித்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் வட்டிக்கு இப்போது தடை தெளிவாக இருக்கிறது. 2023-இல் செய்த திருத்தத்தின்படி, வருமானத்தில் ஏற்கெனவே கழித்துக்கொண்ட வட்டியை வீட்டின் அடக்கத்தில் சேர்க்கக் கூடாது. அந்தத் திருத்தம் பேசுவது வட்டியைப் பற்றி. 80சி-யில் கழித்த முத்திரைத் தீர்வைக்கு அவ்வளவு வெளிப்படையான தடை இல்லை என்பதால், முழுத் தீர்வையையும் சேர்க்கும் ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். ஒரே ரூபாய்க்கு இரண்டு சலுகை வேண்டாம் என்று, கழித்துக்கொண்ட ஒன்றரை லட்சத்தை விட்டு மீதியை மட்டும் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆதாயம் பெரியதாகவும் விசாரணை வரும் வாய்ப்பு அதிகமாகவும் இருந்தால் இரண்டாவது வழி நிம்மதி தரும். சட்டத்தின் சொற்கள் இன்றைக்கு முதல் வழிக்குத்தான் இடம் கொடுக்கின்றன. எதைத் தேர்ந்தாலும், வாங்கிய ஆண்டின் வரிக் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீடு கைக்கு வந்த நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் விற்றால், 80சி-யில் கழித்தது விற்ற ஆண்டின் வருமானத்தில் திரும்பச் சேர்ந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அப்பா வாங்கிய ஃப்ளாட் உயில் மூலமோ வாரிசு வழியிலோ பிள்ளைக்கு வந்து, பிள்ளை அதை விற்றால், அப்பாவுக்கு ஆன செலவே பிள்ளைக்கும் செலவு. அப்பா கட்டிய முத்திரைத் தீர்வையும் அதோடு வரும். ஆனால் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடு என்றால் ஒரு கவனம் வேண்டும். அத்தகைய வீட்டுக்கு, உண்மையில் ஆன செலவுக்குப் பதிலாக அந்தத் தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்த மதிப்பை எடுத்துவிட்டால், 1990-இல் கட்டிய தீர்வையை அதன் மேல் தனியாகக் கூட்ட முடியாது. செலவு, மதிப்பு இரண்டில் ஒன்றுதான்.

விற்ற பணத்தில் மறுபடி வீடு வாங்கி வரிவிலக்குப் பெறுபவர்களுக்கும் பத்திரச் செலவு கைகொடுக்கிறது. 54-ஆவது பிரிவின்படி, ஆதாயத் தொகை அளவுக்கு இன்னொரு வீட்டில் முதலீடு செய்தால் வரி இல்லை. விற்பதற்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்கலாம். கட்டுவதென்றால் மூன்று வருடம். இங்கே ஆதாயம் என்பது குறியீட்டு எண்ணால் உயர்த்தாத கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். நம் ஆளுக்கு அது 12 லட்சம் இல்லை, 38,21,000. அவர் 35 லட்சத்துக்கு ஒரு மறுவிற்பனை ஃப்ளாட் வாங்கினால் முதலீடு போதாது என்று தோன்றும். இன்றைய விகிதத்தில் அதற்குத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 9 சதவீதம், 3,15,000 ரூபாய். தரகு 35,000. புதிய வீட்டின் அடக்கம் 38,50,000 ஆகிவிடுகிறது. ஆதாயம் முழுவதும் அதற்குள் அடங்குகிறது; வரி ஏதும் இல்லை.

ஆனால் அந்தப் புதிய வீட்டை மூன்று வருடத்துக்குள் விற்றுவிட்டால், விலக்குப் பெற்ற 38,21,000 அதன் அடக்கத்திலிருந்து கழிக்கப்படும். 38,50,000-க்கு வாங்கிய வீட்டின் அடக்கம் வரிக் கணக்கில் வெறும் 29,000 ரூபாயாக நிற்கும்.